அந்தப் பிள்ளை அளந்தது சரி

சென்ற சனிக்கிழமை மேலதிக வகுப்பில் நாம் ஒரு மாணவியிடம் பிழையாக நடந்துகொண்டோம். திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லியும் விட்டோம். ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் இங்கே இருக்கிறீர்கள். "சேர் ஏசினார்" என்பது வீட்டுக்கு வந்திருக்கும், ஏன் என்பது வந்திருக்காது. அதனால் நடந்ததையும் அதற்குள் இருந்த கணக்கையும் முழுதாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் மாவனல்லைப் பக்கத்து மலைகளில் ஏறி இறங்கிய எவருக்கும் விளங்கும்.

முதலில் சமவுயரக் கோடு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஒரு மலையைச் சுற்றித் தண்ணீர் 300 மீற்றர் உயரம் வரைக்கும் நிரம்பி நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மலையைத் தொடும் கரை ஒரு வளைந்த கோடு. அந்தக் கரையை மேலிருந்து பார்த்து அப்படியே தாளில் வரைந்தால் அதுதான் 300 மீற்றர் சமவுயரக் கோடு. தண்ணீர் இன்னும் 20 மீற்றர் ஏறினால் கரை உள்ளே நகரும். அது 320 மீற்றர் கோடு. ஒரு கோட்டின் மேலேயே நடந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

உயர்தரப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வந்தது ஒரேயொரு விடயம்தான். மலைச்சரிவில் ஓரிடத்தில் நின்றுகொண்டு, மிகச் செங்குத்தாக ஏறும் திசை எது என்று பார்த்து, படத்தில் அந்தத் திசையில் ஓர் அம்பு கீறினால், அந்த அம்பு அவ்விடத்துச் சமவுயரக் கோட்டை எப்போதும் 90 பாகையில் வெட்டும். அம்பின் நீளம் அந்தச் சரிவு எவ்வளவு கடுமையானது என்பதைச் சொல்லும். இந்த அம்பைத்தான் பல்கலைக்கழகப் புத்தகங்கள் படித்திறன் காவி என்கின்றன. உயர்தரப் பாடத்திட்டத்தில் இது இல்லை. ஆனால் நேர்கோட்டின் படித்திறன் படித்த பிள்ளைக்கு ஒரு மலையின் படித்திறன் என்ன என்று யோசிக்கத் தோன்றும். அதற்காகத்தான் அந்த ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கினோம்.

கணக்குப் போட இலகுவாக ஒரு மலையை நாமே உண்டாக்கினோம். உச்சி 400 மீற்றர். கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கிலும் தெற்கிலும் கடுமையாகச் சரியும் மலை. உச்சியிலிருந்து கிழக்கே x, வடக்கே y என்று 100 மீற்றர் அலகுகளில் அளந்தால், உயரம்

h = 400 − 5x² − 20y²

உச்சியிலிருந்து கிழக்கே 400 மீற்றர், வடக்கே 100 மீற்றர் போன இடத்தைப் P என்று வைத்தோம். அங்கே x = 4, y = 1. உயரம் 400 − 80 − 20 = 300 மீற்றர். ஆகவே P 300 மீற்றர் கோட்டில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே நகர்ந்தால் 100 மீற்றருக்கு 40 மீற்றர் என்ற வீதத்தில் ஏறும். தெற்கே நகர்ந்தாலும் அதே 40தான். இது x ஐயும் y ஐயும் தனித்தனியே வகையிட்டால் வருவது. இரண்டும் சமன் என்பதால் அம்பு சரியாகத் தென்மேற்கை நோக்கும்.

பிள்ளைகளுக்கு வரைபுத்தாள் கொடுத்து, 300 முதல் 380 வரை ஐந்து கோடுகளையும் கீறச் சொல்லி, P இல் அம்பையும் கீறச் சொன்னோம். "இப்ப பாருங்க, அம்பு கோட்டுக்குச் செங்குத்து" என்று சொல்லி அடுத்த விடயத்துக்குப் போகப் பார்த்தோம்.

பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். கையில் பாகைமானி.

"சேர், இது செங்குத்தா இல்லயே. 53 பாகை வருது."

"படத்த ஒழுங்கா கீறு மகள். பாகைமானிய நேரா வை."

"வச்சுப் பார்த்தேன் சேர். வேறொரு இடத்திலயும் அளந்தேன். அங்க 71 வருது."

"ரெண்டும் பிழை எண்டா கீறினதுதானே பிழை. போய்த் திரும்பக் கீறு."

வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். நாம் பாடத்தை முடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இரவு சாப்பிட்ட பிறகு, வகுப்புக்காக நாம் கீறி வைத்திருந்த தாளை எடுத்து ஒரு பாகைமானி வைத்துப் பார்த்தோம். 53 பாகை. நமது தாளிலும் 53.

அந்த நேரத்தில் மனதில் வந்த முதல் எண்ணம், விதியே பிழையோ என்பதுதான். கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் இதை நாம் மனனமாக எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறோம். "ஏன் செங்குத்து?" என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அதனால் அன்றிரவு அடியிலிருந்து யோசிக்க வேண்டி வந்தது.

ஒரு மலை முழுவதும் வளைந்திருக்கிறது. ஆனால் நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மட்டும் பார்த்தால், அந்தத் துண்டு ஏறக்குறையத் தட்டையானது. சரித்து வைத்த ஒரு பலகை மாதிரி. பரீட்சைக்குக் கொண்டுபோகும் எழுதும் பலகையை எடுத்து, ஒரு விளிம்பை மேசையில் வைத்து, எதிர் விளிம்புக்குக் கீழே இரண்டு புத்தகங்களை வைத்தோம். இந்தப் பலகையில் சமவுயரக் கோடுகள் எப்படி இருக்கும்? மேசையைத் தொடும் விளிம்புக்குச் சமாந்தரமான நேர்கோடுகள், சம இடைவெளியில். வளைவு எல்லாம் போய்விட்டது.

இப்போது பலகையில் ஓர் அடி எடுத்து வைக்கிறோம். எந்தத் திசையில் வைத்தாலும் அந்த அடியை இரண்டாகப் பிரிக்கலாம். முதலில் சமவுயரக் கோட்டின் வழியே ஒரு பகுதி, பிறகு அந்தக் கோட்டுக்குக் குறுக்கே 90 பாகையில் ஒரு பகுதி. பலகையின் சரிவு எல்லா இடத்திலும் ஒன்றே என்பதால் இரண்டு பகுதியிலும் கிடைத்த உயரத்தைக் கூட்டினால் முழு அடியின் உயரம் வந்துவிடும். முதற் பகுதியில் கிடைத்த உயரம் எவ்வளவு? பூச்சியம். சமவுயரக் கோட்டின் வழியே போனோம், வேறெப்படி இருக்கும்? ஆகவே நமக்குக் கிடைத்த உயரம் முழுவதும் குறுக்கே போன பகுதியிலிருந்து வந்தது.

விடை இதற்குள்ளேயே இருக்கிறது. நம்மிடம் ஒரு மீற்றர் நீளமான அடிதான் இருக்கிறது. அதில் ஒரு பகுதியைக் கோட்டின் வழியே செலவழித்தால் அந்தப் பகுதி உயரத்துக்கு எதுவும் தரவில்லை, வீண். வீணே இல்லாமல் முழு அடியும் உயரத்துக்கே பயன்பட வேண்டுமென்றால், கோட்டின் வழியே எதுவும் போகக் கூடாது. முழுவதும் குறுக்கே போக வேண்டும். அதாவது 90 பாகை. மிகச் செங்குத்தான ஏற்றம் சமவுயரக் கோட்டை 90 பாகையில் வெட்டுவது தற்செயலாகப் பொருந்திப் போன விடயம் அல்ல. வீணாகும் பகுதியை முழுதாக நீக்கிய அடியைத்தான் நாம் மிகச் செங்குத்தான ஏற்றம் என்கிறோம்.

இதை P இல் எண்களோடு பார்த்தோம். தென்மேற்கே போனால் 100 மீற்றருக்கு 56.6 மீற்றர் என்ற வீதத்தில் ஏறுகிறது. அம்பிலிருந்து 45 பாகை விலகி நேர் மேற்கே போனால் 40தான். 56.6 ஐ 45 பாகையின் கோசைனால் பெருக்கினால் அதே 40 வரும். குறுக்கே போகும் பகுதி அவ்வளவுதான். வழி விலக விலக இந்த எண் குறைந்துகொண்டே போய், 90 பாகை விலகியதும் பூச்சியமாகும். அப்போது நாம் சமவுயரக் கோட்டின் மேலேயே நடக்கிறோம்.

இங்கே பலரும் நம்பும் ஒரு தப்பான எண்ணமும் விழுகிறது. மிகச் செங்குத்தான ஏற்றம் என்றால் உச்சியை நோக்கிய நேர்வழி என்று நினைப்போம். P இலிருந்து உச்சி இருக்கும் திசை, மேற்கே நாலு பங்கு, தெற்கே ஒரு பங்கு. நமது அம்போ மேற்கே ஒரு பங்கு, தெற்கே ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே 31 பாகை. 300 மீற்றர் கோட்டிலிருந்து 320 மீற்றர் கோட்டுக்கு ஏற, தென்மேற்கே போனால் படத்தில் சுமார் 39 மீற்றர் தூரம் போதும். உச்சியை நோக்கிப் போனால் 44 மீற்றர் வேண்டும். நேர் மேற்கே போனால் 54 மீற்றர். அம்புக்கு உச்சி எங்கே இருக்கிறது என்று தெரியாது. காலடியில் உள்ள சரிவு மட்டுமே தெரியும். மலை வட்டமாக இருந்தால்தான் இரண்டும் எங்கும் ஒன்றாகும்.

வார்த்தையால் சொன்னதை எண்ணாலும் சரிபார்க்க, பிள்ளை அளந்த இரண்டாவது இடத்துக்குப் போனோம். அது Q: கிழக்கே 200 மீற்றர், வடக்கே 200 மீற்றர். உயரம் 400 − 20 − 80, அதுவும் 300தான். ஆகவே P இருக்கும் அதே கோடு. அங்கே மேற்கே போனால் 100 மீற்றருக்கு 20 ஏறும், தெற்கே போனால் 80 ஏறும். அம்பு: மேற்கே ஒரு பங்கு, தெற்கே நாலு பங்கு. சமவுயரக் கோடு எந்தப் பக்கம் போகிறது? உயரம் மாறாத திசையைத் தேட வேண்டும். கிழக்கே நாலு அடி வைத்தால் 20 வீதத்தில் நாலு பங்கு இறங்குகிறோம், அதாவது 80. தெற்கே ஓர் அடி வைத்தால் 80 ஏறுகிறோம். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. ஆகவே கோடு போகும் திசை, கிழக்கே நாலு, தெற்கே ஒன்று.

இப்போது கடதாசியில் நாலுக்கு ஒன்று என்ற ஒரு செவ்வகம் வெட்டுங்கள். கிழக்குத் தெற்காகப் படுக்க வைத்தால் அதன் மூலைவிட்டம் சமவுயரக் கோடு. அதைக் கால் சுற்றுத் திருப்பி நிமிர்த்தி வைத்தால் அதே மூலைவிட்டம் நமது அம்பு: மேற்கே ஒன்று, தெற்கே நாலு. கால் சுற்று என்றால் 90 பாகை. எந்த இடத்தை எடுத்தாலும் இப்படித்தான் வரும். ஏற்றங்களை அழிக்க வேண்டுமானால் இரண்டு எண்களையும் இடம் மாற்றி ஒன்றின் குறியைத் திருப்ப வேண்டும். இடம் மாற்றிக் குறி திருப்புவதும் கால் சுற்றுத் திருப்புவதும் ஒரே வேலை.

ஆக, விதி சரி. அப்படியானால் மேசையில் கிடக்கும் தாளில் 53 பாகை எங்கிருந்து வந்தது?

இரவு பதினொரு மணியளவில்தான் கண்ணில் பட்டது. தாளில் நாம் கீறியிருந்த ஐந்து கோடுகளும் வட்டங்கள். அழகான வட்டங்கள். ஆனால் இந்த மலை கிழக்கு மேற்காக நீண்ட மலை என்று நாமே சொன்னோம். 300 மீற்றர் கோடு உச்சியிலிருந்து கிழக்கே 447 மீற்றர் வரை போகிறது, வடக்கே 224 மீற்றர்தான் போகிறது. அது நீள்வட்டமாக அல்லவா இருக்க வேண்டும்?

அச்சுகளைப் பார்த்தோம். கிழக்கு மேற்காக 100 மீற்றருக்கு 2 சென்றிமீற்றர். வடக்கு தெற்காக 100 மீற்றருக்கு 4 சென்றிமீற்றர். நாம்தான் அப்படிக் கொடுத்தோம். இரண்டுக்கும் 2 சென்றிமீற்றர் எடுத்தால் படம் 18 சென்றிமீற்றர் அகலமும் 9 சென்றிமீற்றர் உயரமுமாக, தாளில் பாதி வெறுமையாகக் கிடக்கும். தாள் நிரம்ப வரைந்தால் பிள்ளைகளுக்குக் கீற வசதி என்று நினைத்தோம். உயர்தரத்தில் வரைபு கீறும்போது எப்போதும் அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறோம்.

P இல் கோடு தென்கிழக்காகப் போகிறது, அம்பு தென்மேற்காகப் போகிறது. நிலத்தில் இரண்டும் சேர்ந்து தலைகீழான V போல இருக்கும். நேர் தெற்கிலிருந்து இந்தப் பக்கம் 45 பாகை, அந்தப் பக்கம் 45 பாகை, மொத்தம் 90. இந்த V ஐ மேலும் கீழுமாக இரண்டு மடங்கு இழுத்தால் என்ன ஆகும்? ஒடுங்கும். தாளில் இரண்டு கைகளும் பக்கவாட்டில் 2 சென்றிமீற்றர், கீழே 4 சென்றிமீற்றர். ஒவ்வொரு பக்கமும் 26.6 பாகை. மொத்தம் 53. Q இல் அதே இழுப்பு 90 ஐ 71 ஆக்குகிறது. அந்தப் பிள்ளை சொன்ன இரண்டு எண்ணும் பாகைக்குப் பாகை சரி.

அவள் சொன்னதிலேயே துப்பும் இருந்தது. பாகைமானியைத் தவறாக வைத்தால் ஓரிரு பாகை தவறும், 37 பாகை தவறாது. கையால் கீறியதில் பிழை இருந்தால் கோடு நெளியும், ஒழுங்கான வட்டம் வராது. இடத்துக்கு இடம் கோணம் மாறுகிறது, ஆனால் நேர் கிழக்கிலும் நேர் வடக்கிலும் மட்டும் சரியாக 90 வருகிறது என்றால், படம் ஒரு திசையில் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். நாம் அந்த 71 ஐக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் வகுப்பிலேயே பிடிபட்டிருக்கும்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் முதலில் அவளிடம்தான் பேசினோம். "மகள், நீ அளந்தது சரி. நாம தந்த அளவுத்திட்டம்தான் பிழை. சனிக்கிழமை ஏசினதும் பிழை." வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு எல்லோருக்கும் புதுத் தாள் கொடுத்து, இரண்டு அச்சுக்கும் 100 மீற்றருக்கு 2 சென்றிமீற்றர் என்று மறுபடி கீற வைத்தோம். பாதித் தாள் வெறுமையாகத்தான் கிடந்தது. P இல் 90. Q இல் 90.

அவள் அதோடு விடவில்லை.

"சேர், பழைய தாள்ல உச்சிக்குப் போற கோடு வட்டத்துக்குச் செங்குத்தா இருந்திச்சு. அப்ப அந்தத் தாள்ல அதுதானே ஆகக் கூடின ஏற்றம்?"

இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லச் சற்று நேரம் எடுத்தோம். அவள் கேட்டது சரியான இடத்தில். பழைய தாளில் ஒரு சென்றிமீற்றருக்கு எவ்வளவு உயரம் என்று கேட்டால், வட்டத்தின் மையத்தை நோக்கிய கோடுதான் அதிகம் தரும். ஆனால் மலையில் நடக்கும் மனிதன் சென்றிமீற்றரில் நடப்பதில்லை. அந்தத் தாளில் கீழ்நோக்கிய ஒரு சென்றிமீற்றர் நிலத்தில் 25 மீற்றர், பக்கவாட்டில் ஒரு சென்றிமீற்றர் நிலத்தில் 50 மீற்றர். இரண்டும் ஒரே செலவு அல்ல. "ஆகக் கூடிய ஏற்றம்" என்ற சொல்லுக்குப் பின்னால் "ஒரு மீற்றருக்கு" என்பது ஒளிந்திருக்கிறது. மீற்றரை எப்படி அளப்பது என்பதை மாற்றினால் ஆகக் கூடிய ஏற்றத்தின் திசையும் மாறும்.

சமவுயரக் கோட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தாளை எப்படி இழுத்தாலும் 300 மீற்றரில் உள்ள இடம் 300 மீற்றரிலேயே இருக்கும். கோட்டின் வடிவம் மாறும், ஆனால் அது அதே இடங்களைத்தான் இணைக்கும். அம்பும் செங்கோணமும் மட்டும்தான் தூரத்தை நம்பி நிற்பவை. ஆகவே விதியை முழுதாகச் சொன்னால் இப்படித்தான் சொல்ல வேண்டும்: இரண்டு திசையிலும் ஒரே அளவுத்திட்டத்தில் கீறிய படத்தில், படித்திறன் அம்பு சமவுயரக் கோட்டுக்குச் செங்குத்து. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் நாம் சொல்லிக்கொடுத்தோம்.

புவியியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50 000 படத்தில் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு சென்றிமீற்றர் 500 மீற்றர்தான். அதனால் அசல் தாளில் ஓடை எங்கே இறங்கும், ஏற்றம் எந்தப் பக்கம் என்று செங்குத்து வைத்துப் பார்க்கலாம். ஆனால் இப்போது பிள்ளைகள் படத்தைத் தொலைபேசியில் பிடித்து, கணினியில் ஒட்டி, இடத்துக்குப் பொருந்தும்படி ஒரு பக்கமாக இழுத்து அச்செடுக்கிறார்கள். இழுத்த படத்தில் செங்குத்து செத்துப்போகும். சாய்வும் தப்பாக வரும். பிடிக்கும் வழி இலகு. படத்தில் உள்ள கட்டக் கோடுகளைப் பாருங்கள். அவை சதுரமாக இருக்க வேண்டும். அடிமட்டம் வைத்து ஒரு கட்டத்தின் இரண்டு பக்கத்தையும் அளந்து, சமன் இல்லையென்றால் அந்தப் பிரதியில் கோணம் அளக்க வேண்டாம்.

விதிக்கு எல்லைகளும் உண்டு. அவற்றையும் அன்றே சொன்னோம். உச்சியில் அம்பு இல்லை. நமது மலையில் x உம் y உம் பூச்சியமானால் இரண்டு வீதமும் பூச்சியம், நீளமில்லாத அம்புக்குத் திசை கிடையாது. இரண்டு உச்சிகளுக்கு இடையில் கழுத்துப் போலத் தாழ்ந்திருக்கும் கணவாயிலும் அப்படியே. அங்கே ஒரே உயரக் கோடு தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும், எந்தக் கோட்டுக்குச் செங்குத்து என்ற கேள்விக்கே இடமில்லை. கடுகண்ணாவைக் கணவாயில் வரும்போது தெரியும் பைபிள் ரொக் மலையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேலே தட்டை, ஓரத்தில் குன்றின் முகம் நேராக விழுகிறது. அந்த விளிம்பில் எவ்வளவு சிறிய துண்டை எடுத்தாலும் சரித்த பலகையாகத் தெரியாது. பாதி தட்டை, பாதி சுவர். பலகை இல்லையென்றால் நாம் சொன்ன காரணமும் இல்லை.

இன்னொன்று, இந்த அம்பு தாளில் கிடப்பது. மலையிலிருந்து வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அம்பு அல்ல. எந்தப் பக்கம் திரும்பி நடக்க வேண்டும் என்று திசைகாட்டி போலச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அதுவும் நிற்கும் இடத்துக்கு மட்டும். சிறிது தூரம் நடந்ததும் பலகையின் சரிவு மாறும், அம்பும் திரும்பும். P இலிருந்து ஒவ்வோர் இடத்திலும் அம்பின்படியே ஏறினால் முதலில் தென்மேற்காகப் போய், பிறகு மெல்ல மேற்கே வளைந்து, மலையின் நீண்ட முதுகை ஒட்டி உச்சிக்குப் போவோம். மெதுவாக வழியும் மழைத் தண்ணீர் இதே பாதையில் மறுபக்கமாக இறங்கும். ஆனால் வேகமாக உருளும் கல் அப்படி வராது. அதற்குத் தன் வேகம் இருக்கிறது, வளைவில் நேராகவே போய்விடும்.

வீட்டில் பார்க்க விரும்புவோர் எழுதும் பலகையைச் சரித்து வைத்து, கிடையாக நாலு பென்சில் கோடு கீறி, மேலே ஒரு துளி தண்ணீர் விடுங்கள். கோடுகளை அது எந்தக் கோணத்தில் வெட்டுகிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளை 90 இல்லை என்று சொன்னால், முதலில் பலகையின் விளிம்பு மேசையில் முழுதாகப் பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

திங்கட்கிழமை கொப்பிகளைத் திருத்தும்போது அவளுடைய தாள் வந்தது. ஐந்து நீள்வட்டங்கள், P, Q, இரண்டு அம்புகள், இரண்டு செங்கோணக் குறிகள். தாளின் மேல் மூலையில், நாம் எழுதச் சொல்லாத ஒரு வரியைச் சிவப்புப் பேனையால் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள்: "இரண்டு அச்சும் ஒரே அளவுத்திட்டம்." நாமும் அதே வரியை நமது பாடக்குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டோம்.